போனும் பக்கேஜும் ஒரே விலையில்: வருமானத்தைப் பிரித்துப் பதிவது எப்படி?

"கையில் 24,000 ரூபாய், பிறகு மாதம் 8,000 ரூபாய். போன் உங்களுக்கு, 12 மாத டேட்டாவும் உங்களுக்கு, இயர்போன் இலவசம்." இப்படியொரு விற்பனை நடந்த அன்று கணக்குப் பிள்ளை எதை வருமானமாக எழுத வேண்டும்? கையில் வந்த 24,000 ரூபாயையா? போனின் கடை விலையையா? மாதா மாதம் வரும் 8,000 ரூபாய் முழுவதும் டேட்டாவுக்கான பணமா? மூன்று பேரைக் கேட்டால் மூன்று பதில் வரும். காரணம், பில்லில் அச்சாகும் தொகைகளை விற்பனைப் பிரிவுதான் தீர்மானிக்கிறது. வாடிக்கையாளருக்குக் கவர்ச்சியாகத் தெரிய வேண்டும் என்பதே அங்கே நோக்கம். எந்தப் பொருளுக்கு எவ்வளவு வருமானம் என்பதை அந்தத் தொகைகள் காட்டுவதில்லை.

இதற்கு இலங்கையில் தெளிவான விதி இருக்கிறது. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் வெளியிட்ட இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 15, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் 73 முதல் 86 வரையான பந்திகள் விலையைப் பிரிப்பதைப் பற்றியவை. அவை சொல்வதன் சாரம் இது: சேர்த்து விற்ற ஒவ்வொன்றையும் தனியாக விற்றிருந்தால் என்ன விலை போயிருக்குமோ, அந்த விகிதத்தில் மொத்த விலையைப் பிரியுங்கள். அதை ஒப்பந்தம் தொடங்கும் நாளில் செய்யுங்கள். செய்தபின் அந்த விகிதத்தைத் தொடாதீர்கள் என்று பின்னால் வரும் 88 ஆம் பந்தி சேர்த்துச் சொல்கிறது.

சொல்லும்போது இலகுவாக இருக்கிறது. செய்யும்போது "தனியாக விற்றிருந்தால்" என்ற இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். அதனால் அந்தப் படிக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் கிளை அலுவலகங்களில் கணக்கு எழுதுபவர்களையும், பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிப்பவர்களையும், பட்டயக் கணக்காளர் பரீட்சைக்குத் தயாராகுபவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் மேலே சொன்ன அதே விற்பனை. சொந்த வலையமைப்பு உள்ள ஒரு நிறுவனம் தன் யாழ்ப்பாணக் கிளையில் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுவனமும் தொகைகளும் கற்பனை. எல்லாத் தொகையும் பெறுமதி சேர் வரி நீங்கலாக. அந்த வரி அரசாங்கத்துக்காக வசூலிக்கும் பணம் என்பதால் அது ஒருபோதும் நம் வருமானத்தில் சேராது. வரியோடு சேர்ந்த பில் தொகையை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினால் தொடக்கமே பிழைத்துவிடும்.

முதற்படி: ஒப்பந்தம் எவ்வளவு காலத்துக்கு?

பொருட்களைப் பட்டியல் போடுவதற்கு முன் இதைப் பாருங்கள். தாளில் 12 மாதம் என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. வாடிக்கையாளர் இரண்டாம் மாதமே வந்து, "எனக்கு இனி வேண்டாம்" என்று எந்த இழப்பும் இல்லாமல் போகலாம் என்றால், சட்டப்படி இரு தரப்பையும் கட்டுவது ஒரு மாதம் மட்டுமே. அப்போது 12 மாதப் பணத்தை மொத்த விலையில் சேர்க்க முடியாது.

நம் உதாரணத்தில் இடையில் விலகினால் மிச்ச மாதங்களுக்குக் கணிசமான விலகற் கட்டணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. ஆகவே காலம் 12 மாதம்தான். கட்டணம் பெயருக்குச் சில நூறு ரூபாய் என்றால் இந்த முடிவுக்கு வர முடியாது. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்தப் பந்தியை வாசிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: உண்மையில் என்னென்ன விற்றோம்?

வாடிக்கையாளருக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டவற்றில் எவை தனித்து நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். நியமம் இவற்றைக் கடப்பாடுகள் என்று எடுத்துக்கொள்கிறது. ஒன்று தனித்து நிற்க இரண்டு கேள்விக்கும் "ஓம்" என்ற பதில் வர வேண்டும். வாடிக்கையாளர் அதைத் தனியாகவோ, தன்னிடம் இருப்பதோடு அல்லது வெளியில் வாங்கக்கூடியதோடு சேர்த்தோ பயன்படுத்தலாமா? ஒப்பந்தத்தின் மற்றப் பகுதிகளோடு பின்னிப் பிணையாமல் அதைப் பிரித்துக் கொடுக்க முடியுமா?

போன் தனித்து நிற்கிறது. வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டும் பேசலாம். டேட்டாச் சேவையும் தனித்து நிற்கிறது. வேறு கடையில் வாங்கிய போனிலும் அது ஓடும். இலவசம் என்று கொடுத்த இயர்போனும் தனித்து நிற்கிறது. பில்லில் அதற்கு நேரே பூச்சியம் போட்டிருந்தாலும், வாடிக்கையாளர் கட்டும் பணத்தில் ஒரு பகுதி அதற்குத்தான் போகிறது. கணக்கில் இலவசம் என்ற இனம் கிடையாது.

சிம் அட்டை வேறு கதை. சேவை இல்லாமல் அந்தத் துண்டால் ஒரு பயனும் இல்லை. அது சேவையின் பகுதி. அதேபோல், கையில் வாங்கிய 24,000 ரூபாயில் 1,000 ரூபாய் "இணைப்புத் தொடக்கக் கட்டணம்" என்று பில்லில் எழுதியிருக்கிறது. இணைப்பைத் தொடக்குவது நிறுவனத்தின் உள்வேலை. அதனால் வாடிக்கையாளரின் கைக்குத் தனியாக எதுவும் வந்து சேர்வதில்லை. ஆகவே அந்த 1,000 ரூபாயை அன்றைக்கே தனி வருமானமாக எழுதக் கூடாது. அது மொத்த விலைக்குள் போகும், மற்ற எல்லாவற்றோடும் சேர்ந்து பிரியும். பல கணக்குகளில் இந்தக் கட்டணம் தனிப் பேரேட்டில் உடனடி வருமானமாகக் கிடப்பதைப் பார்க்கலாம். தொகை சிறிது என்று விட்டுவிடுவார்கள். ஆயிரக்கணக்கான இணைப்புகள் சேரும்போது அது சிறிய தொகையாக இருக்காது.

போனுக்குக் கொடுக்கும் ஒரு வருட உத்தரவாதம், போன் சொன்னபடி வேலை செய்யும் என்பதற்கான வாக்குறுதி மட்டும் என்றால் அதுவும் தனிக் கடப்பாடு அல்ல. மேலதிகமாகக் காசு கொடுத்து வாங்கும் நீடித்த உத்தரவாதம் என்றால் தனியாக எடுக்க வேண்டும்.

சரி, மூன்று பகுதிகள்: போன், 12 மாதச் சேவை, இயர்போன். மொத்த விலை 24,000 ரூபாயும், 8,000 ரூபாய் வீதம் 12 மாதத்துக்கு 96,000 ரூபாயும் சேர்ந்து 1,20,000 ரூபாய்.

இந்த இடத்தில் வட்டி பற்றி ஒரு வார்த்தை. போனை இன்று கொடுத்துவிட்டுப் பணத்தைப் பிறகு வாங்குவதால், நிறுவனம் வாடிக்கையாளருக்குக் கடன் கொடுப்பது போலவும் ஆகிறது. கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் இடையிலான காலம் ஒரு வருடமோ அதற்குக் குறைவோ என்றால் அதைப் பொருட்படுத்தாமல் விட நியமம் அனுமதிக்கிறது. அதனால்தான் 12 மாத உதாரணம் எடுத்தேன். 24 மாத ஒப்பந்தம் என்றால் வட்டிக் கூறு கணிசமானதா என்று பார்த்தே ஆக வேண்டும். 2022 இறுதியில் திறைசேரி உண்டியல் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியிருந்த நாடு இது.

மூன்றாம் படி: தனித்த விற்பனை விலையைக் கண்டுபிடிப்பது

கடினமான வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு பகுதியையும் தனியாக, இதே மாதிரியான வாடிக்கையாளருக்கு, இதே மாதிரியான சூழலில் விற்றால் என்ன விலை போகும்? நேரடியாகப் பார்க்கக்கூடிய விலை இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். அது இல்லாதபோதுதான் மதிப்பீடு.

போனிலிருந்து தொடங்குவோம். கண்ணாடிப் பெட்டிக்குள் அதன் அடியில் வைத்திருக்கும் விலைச்சீட்டில் 1,04,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறது. ஆனால் கடைசி மூன்று மாத விற்பனைப் பதிவை எடுத்துப் பார்த்தால், பக்கேஜ் இல்லாமல் போனை மட்டும் வாங்கியவர்களில் அநேகர் பேரம் பேசி 95,000 ரூபாய்க்கும் 97,000 ரூபாய்க்கும் இடையில்தான் வாங்கிப் போயிருக்கிறார்கள். அப்படியென்றால் தனித்த விற்பனை விலை 96,000 ரூபாய். சீட்டு விலையை எடுத்தால் போனுக்கு அதிக வருமானம் போய்விடும். விலைச்சீட்டும் விலைப்பட்டியலும் ஆதாரத்தின் தொடக்கம் மட்டுமே. வாங்கியவர் கொடுத்த காசுதான் ஆதாரம்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அதே போனை எல்லோருக்கும் 92,000 ரூபாய்க்கு விற்றால் என்ன செய்வது? அந்த 25 நாளில் போனை மட்டும் வாங்க வந்தவர்கள் உண்மையிலேயே அந்த விலையைத்தான் கொடுத்தார்கள் என்றால், அந்த நாட்களில் கைச்சாத்திட்ட ஒப்பந்தங்களுக்கு 92,000 ரூபாய்தான் சரி. முந்திய மாதத்து ஒப்பந்தங்களுக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது. திகதி போட்ட விலைப்பதிவு ஒன்றை மாதந்தோறும் பேணாத நிறுவனம் இந்தக் கேள்விக்குக் கணக்காய்வாளர் முன்னால் பதில் சொல்ல முடியாது.

சேவைக்கு வருவோம். இதே அளவு டேட்டாவும் அழைப்பும் உள்ள பக்கேஜை, போன் வாங்காமல் சிம் மட்டும் எடுப்பவர்களுக்கு நிறுவனம் மாதம் 4,000 ரூபாய்க்குக் கொடுக்கிறது. நேரடி விலை கிடைத்துவிட்டது. 12 மாதத்துக்கு 48,000 ரூபாய். பில்லில் மாதம் 8,000 ரூபாய் என்று இருந்தாலும் அந்தச் சேவை தனியாகப் போவது 4,000 ரூபாய்க்குத்தான். மிச்சம், மாதா மாதம் திரும்பி வருகிற போன் பணம்.

சிம் மட்டும் எடுக்கும் பக்கேஜ் சரியாக இதே அளவில் இல்லாவிட்டால், அளவில் மேலும் கீழும் உள்ள இரண்டு பக்கேஜ்களை எடுத்து இடையில் எது பொருந்தும் என்று பார்க்கலாம். போட்டி நிறுவனங்கள் அதே அளவுக்கு என்ன கேட்கின்றன என்று பார்த்து, நம் வலையமைப்பின் வேகமும் பரப்பும் எப்படி என்பதற்கேற்பச் சரிசெய்யலாம். சந்தையைப் பார்த்து மதிப்பிடும் முறை என்பது இதுதான்.

இயர்போன் மூன்றாவது வகை. நிறுவனம் அதைத் தனியாக விற்றதே இல்லை. இங்கே கிரயத்தோடு நியாயமான இலாபத்தைச் சேர்க்கும் முறை உதவும். வாங்கிய கிரயம் 4,500 ரூபாய். சார்ஜர், உறை போன்ற துணைப்பொருட்களில் இந்த நிறுவனம் வழக்கமாகக் கிரயத்தில் மூன்றிலொரு பங்கை இலாபமாக வைக்கிறது. 4,500 ரூபாயோடு 1,500 ரூபாய், ஆக 6,000 ரூபாய். கணக்குப் போட்டதோடு நிற்காமல் கஸ்தூரியார் வீதியில் இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். அதே தரத்து இயர்போன் 5,500 ரூபாயிலிருந்து 6,500 ரூபாய் வரை போகிறது என்றால் உங்கள் மதிப்பீடு நிற்கும். எங்குமே 3,500 ரூபாய்க்கு மேல் போகவில்லை என்றால், நீங்கள் வாங்கிய விலையே அதிகம். அந்த இலாபத்தை எந்த வாடிக்கையாளரும் தரப்போவதில்லை, மதிப்பீட்டைக் குறைக்க வேண்டும்.

இவை தவிர, மிச்சத்தை எடுக்கும் முறை என்று ஒன்று உண்டு. மற்றப் பகுதிகளின் தனித்த விலையை மொத்த விலையிலிருந்து கழித்து, எஞ்சியதைக் கடைசிப் பகுதிக்குக் கொடுப்பது. கழித்தலோடு வேலை முடிந்துவிடுவதால் பலருக்கும் இதில் ஆசை. ஆனால் அந்தக் கடைசிப் பகுதியை ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபட்ட விலைகளில் விற்கிறோம், அல்லது அதற்கு இன்னும் விலையே வைக்கவில்லை, தனியாக விற்கவுமில்லை என்ற நிலையில் மட்டும்தான் இதற்கு இடம். நம் மூன்று பகுதிக்கும் விலை கண்டுபிடிக்க முடிகிறது. ஆகவே இந்த வழி மூடியே இருக்கிறது.

நான்காம் படி: பிரிப்பது

தனித்த விலைகளைக் கூட்டினால் 96,000, 48,000, 6,000 சேர்ந்து 1,50,000 ரூபாய். வாடிக்கையாளர் கட்டுவது 1,20,000 ரூபாய். ஆக 30,000 ரூபாய் கழிவு, அதாவது 20 சதவீதம். அது மூன்று பகுதிக்கும் ஒரே விகிதத்தில் போகும்.

போனுக்கு 76,800 ரூபாய். சேவைக்கு 38,400 ரூபாய், மாதத்துக்கு 3,200 ரூபாய். இயர்போனுக்கு 4,800 ரூபாய். மூன்றும் சேர்ந்து 1,20,000 ரூபாய்.

விரிதாளில் B1 கட்டத்தில் மொத்த விலையையும், B4 முதல் B6 வரை தனித்த விலைகளையும் போட்டு, C4 இல் இந்தச் சூத்திரத்தை எழுதிக் கீழே C5 வரை இழுங்கள்.

```
=ROUND($B$1*B4/SUM($B$4:$B$6),2)
```

கடைசிப் பகுதியான C6 இல் அதே சூத்திரத்தைப் போடாமல், மொத்த விலையிலிருந்து மற்ற இரண்டையும் கழியுங்கள். இல்லாவிட்டால் சதக் கணக்கில் வரும் வித்தியாசங்கள் ஆயிரம் ஒப்பந்தம் சேரும்போது பரீட்சை மீதியில் வந்து நிற்கும்.

```
=$B$1-SUM(C4:C5)
```

இந்த இடத்தில் வழக்கமாக எழும் கேள்வி ஒன்றுண்டு. போனின் கிரயம் 88,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரித்து வந்த வருமானம் 76,800 ரூபாய். போனில் 11,200 ரூபாய் நட்டம். கணக்குப் பகுதியில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இதைப் பார்த்ததும் கேட்டார்: "அண்ணை, போனிலயே நட்டம் காட்டுதே. கழிவு முழுக்கச் சேவையிலதான் விட்டனாங்கள் எண்டு போடேலாதோ?"

ஏலாது. கழிவு முழுவதையும் ஒரு பகுதியின் தலையில் மட்டும் போட வேண்டுமென்றால் நியமம் மூன்று நிபந்தனைகள் வைக்கிறது, மூன்றும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். ஒப்பந்தத்தில் உள்ள ஒவ்வொன்றையும் நிறுவனம் வழக்கமாகத் தனியாக விற்க வேண்டும். அவற்றில் சிலவற்றை மட்டும் சேர்த்துக் கழிவோடு விற்பதும் வழக்கமாக இருக்க வேண்டும். அந்தச் சிறிய சேர்க்கையில் கொடுக்கும் கழிவும் இந்தப் பெரிய ஒப்பந்தத்தின் கழிவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, கழிவு முழுவதும் எதற்குரியது என்பதை அது காட்ட வேண்டும். நம் நிறுவனம் இயர்போனைத் தனியாக விற்பதே இல்லை. முதல் நிபந்தனையிலேயே கதை முடிந்தது. போனில் தெரியும் நட்டம் பிரித்ததில் வந்த பிழை அல்ல. வாடிக்கையாளரைப் பிடிக்க நிறுவனம் உண்மையில் கொடுத்த விலை அது. சேவையில் வரும் இலாபம் பிறகு அதை ஈடுசெய்யும்.

ஐந்தாம் படி: நாளேட்டில் பதிவது

போனும் இயர்போனும் கை மாறிய அன்றைக்கே அவற்றின் வருமானம் முழுவதும் பதிவாகும். 76,800 ரூபாயும் 4,800 ரூபாயும் சேர்ந்து 81,600 ரூபாய். கைக்கு வந்த காசு 24,000 ரூபாய்தான். வித்தியாசம் 57,600 ரூபாய் ஒப்பந்தச் சொத்து.

அதை ஏன் வருமதி என்று எழுதவில்லை? வருமதி என்றால் காலம் வந்தால் போதும், கேட்டு வாங்கலாம். இந்த 57,600 ரூபாயை வாங்க வேண்டுமென்றால் நிறுவனம் இன்னும் 12 மாதம் சேவை கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த நிபந்தனை இருப்பதால்தான் தனிப் பெயர். ஆனால் ஐயக்கடன் விஷயத்தில் வருமதிக்கு உள்ள கவனம் இதற்கும் வேண்டும். எதிர்பார்க்கும் கடன் நட்டத்துக்கான ஏற்பாட்டை நியமம் 9 இன்படி முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டும்.

முதல் நாள் பதிவு: காசு 24,000 ரூபாய் வரவு, ஒப்பந்தச் சொத்து 57,600 ரூபாய் வரவு, போன் விற்பனை 76,800 ரூபாய் செலவு, துணைப்பொருள் விற்பனை 4,800 ரூபாய் செலவு. அதோடு போனினதும் இயர்போனினதும் கிரயம் 92,500 ரூபாயை இருப்பிலிருந்து விற்பனைக் கிரயத்துக்கு மாற்றுங்கள்.

பிறகு ஒவ்வொரு மாதமும் 8,000 ரூபாய் பில் போகும்: வருமதி 8,000 ரூபாய் வரவு, சேவை வருமானம் 3,200 ரூபாய் செலவு, ஒப்பந்தச் சொத்து 4,800 ரூபாய் செலவு. 12 தடவை 4,800 ரூபாய் என்றால் 57,600 ரூபாய். கடைசிப் பில்லோடு ஒப்பந்தச் சொத்து பூச்சியமாக வேண்டும்.

எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை. 12 மாதம் முடிந்த ஒப்பந்தங்களை மட்டும் வடிகட்டி எடுத்து, அவற்றில் ஒப்பந்தச் சொத்து மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். மிச்சம் நின்றால், இடையில் பக்கேஜ் மாறியதைக் கணக்குப் பகுதிக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது முதல் நாளில் வரி சேர்ந்த தொகையைப் போட்டிருக்கிறார்கள். தொடக்கக் கட்டணத்தைத் தனியாக வருமானமாக எழுதியிருந்தாலும் இப்படி மிச்சம் நிற்கலாம்.

2018க்கு முன் நிலைமை வேறு. அப்போது நடைமுறையில் இருந்த கணக்கீட்டு நியமம் 18, பகுதிகளைப் பிரித்துப் பார்க்கச் சொன்னதே தவிர எப்படிப் பிரிப்பது என்று விவரமாகச் சொல்லவில்லை. உலகெங்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பல, போனுக்குக் கையில் வந்த காசை மட்டும் போன் வருமானமாக எழுதின. அந்த வழியில் போனால் நம் உதாரணத்தில் முதல் நாள் வருமானம் வெறும் 24,000 ரூபாய், மாதச் சேவை வருமானம் 8,000 ரூபாய். மொத்தம் ஒன்றுதான், ஆனால் சேவையின் மாத வருமானம் 3,200 ரூபாய்க்குப் பதிலாக 8,000 ரூபாய் என்று தெரியும். பழைய ஆண்டறிக்கைகளைப் புதியவற்றோடு ஒப்பிடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆறாம் படி: இடையில் ஏதாவது மாறினால்

மூன்று மாதம் கழித்து போனின் சந்தை விலை 85,000 ரூபாய்க்கு இறங்குகிறது. நம் ஒப்பந்தத்தின் பிரிப்பு மாறுமா? மாறாது. தொடக்க நாளுக்குப் பிறகு தனித்த விலைகள் மாறினால் மறுபடி பிரிக்கக் கூடாது என்று 88 ஆம் பந்தி நேரடியாகச் சொல்கிறது. 2022 இல் இதன் அருமை தெரிந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்குப் போனது. இறக்குமதியாகும் போன்களின் விலையும் கூடவே ஏறியது. ஜனவரியில் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்துக்கு ஜனவரி விலை, மே மாத ஒப்பந்தத்துக்கு மே மாத விலை. ஒரு வருடத்துக்கு ஒரே விலைப்பட்டியலை வைத்துப் பிரித்தால், அப்படியான ஆண்டில் பிரிப்பு முழுவதும் அர்த்தமற்றுப் போகும்.

ஒப்பந்தமே மாறினால் வேறு கதை. நான்கு மாதம் முடிந்ததும் வாடிக்கையாளர் வந்து சிறிய பக்கேஜுக்கு மாறுகிறார். மிச்ச எட்டு மாதத்துக்கும் பில் 7,000 ரூபாய். போன் ஏற்கெனவே கொடுத்து முடிந்துவிட்டது, மிச்சமிருப்பது சேவை மட்டும், அது கொடுத்து முடிந்தவற்றிலிருந்து தனித்து நிற்கிறது. ஆகவே பழையதை முடித்துப் புதிய ஒப்பந்தம் தொடங்கியது போல, வரும் மாதங்களுக்கு மட்டும் கணக்கை மாற்றுகிறோம். பின்னோக்கிப் போய்ப் போன் வருமானத்தைத் தொடுவதில்லை.

நான்கு மாத முடிவில் ஒப்பந்தச் சொத்து 57,600 ரூபாயில் 19,200 ரூபாய் போக 38,400 ரூபாய். இனி வரப்போகும் பில் 56,000 ரூபாய். அதில் 38,400 ரூபாய் ஏற்கெனவே எழுதிய வருமானத்துக்கான பணம். மிஞ்சும் 17,600 ரூபாய்தான் எட்டு மாதச் சேவைக்குரியது, மாதம் 2,200 ரூபாய். இனி மாதாந்தப் பதிவு: வருமதி 7,000 ரூபாய் வரவு, சேவை வருமானம் 2,200 ரூபாய் செலவு, ஒப்பந்தச் சொத்து 4,800 ரூபாய் செலவு.

மாறாக, அவர் மேலதிக டேட்டாவை அதன் வழக்கமான தனித்த விலையிலேயே சேர்த்து வாங்கினால் அது தனி ஒப்பந்தம். பழையதில் கைவைக்கவே வேண்டாம்.

ஒன்பதாம் மாதத்தோடு விலகிவிட்டால்? அப்போது ஒப்பந்தச் சொத்தில் 57,600 ரூபாயில் 43,200 ரூபாய் கழிய 14,400 ரூபாய் நிற்கும். விலகற் கட்டணம் அதைவிடக் குறைவாக வந்தால் வித்தியாசம் நிறுவனத்துக்கு இழப்பு. இது அடிக்கடி நடக்கிறது என்றால் முதற்படிக்குத் திரும்பிப் போய், அந்த விலகற் கட்டணம் உண்மையில் வாடிக்கையாளரைக் கட்டுகிறதா, அதை நிறுவனம் உண்மையில் அறவிடுகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

கடைக்காரர்களுக்கு

இதுவரை சொன்னது போனையும் சேவையையும் தானே கொடுக்கும் நிறுவனத்துக்கு. யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான போன் கடைகளின் நிலை வேறு. போன் கடையின் சொந்த இருப்பு. பக்கேஜ் ஒரு வலையமைப்பு நிறுவனத்தினுடையது. கடைக்காரர் இணைப்பை எடுத்துக் கொடுத்துத் தரகு வாங்குகிறார்.

இங்கே முதற்கேள்வி, டேட்டா வேலை செய்யாவிட்டால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு யார்? பக்கேஜின் விலையை யார் வைக்கிறார்? விற்காமல் போனால் யாருக்கு நட்டம்? மூன்றுக்கும் பதில் வலையமைப்பு நிறுவனம் என்றால், சேவை விடயத்தில் கடை ஒரு முகவர் மட்டுமே. போனை 90,000 ரூபாய்க்கு விற்று, இணைப்புக்கு 6,000 ரூபாய் தரகு கிடைத்தால், கடையின் வருமானம் போன் விற்பனை 90,000 ரூபாயும் தரகு 6,000 ரூபாயும். வாடிக்கையாளர் மாதா மாதம் கட்டும் பக்கேஜ் பணம் கடையின் கல்லாவுக்குள் வந்து போனாலும் அது கடையின் வருமானம் அல்ல. அந்த நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய பொறுப்பு. அதை விற்பனையில் சேர்த்துப் புரள்வைப் பெருக்கிக் காட்டும் கணக்குகள் வங்கிக் கடனுக்குப் போகும்போதும் வரிக்குப் போகும்போதும் தொல்லை கொடுக்கும்.

கடை தன் சொந்தப் பொறுப்பில் ஏதாவது சேர்த்து விற்றால், உதாரணமாக வருடத்தில் நான்கு தடவை மென்பொருள் பார்த்துச் சுத்தம் செய்து கொடுக்கும் சேவையைப் போனோடு சேர்த்தால், அப்போது கடையும் பிரிக்க வேண்டும். வழி அதேதான். ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு கூலி, எவ்வளவு இலாபம் என்று பார்த்துத் தனித்த விலையைக் கண்டுபிடியுங்கள். அந்தப் பங்கை விற்ற அன்றே வருமானமாக எழுதாமல் பொறுப்பாக வைத்து, ஒவ்வொரு தடவையும் செய்து கொடுத்தபின் கால்பங்காக வருமானத்துக்கு மாற்றுங்கள்.

சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான எளிமையான நியமத்தைப் பின்பற்றும் கடைகளுக்கு இதுவரை இந்த அளவு விவரம் தேவைப்படவில்லை. சர்வதேச மட்டத்தில் அந்த நியமத்தின் மூன்றாம் பதிப்பு 2025 பெப்ரவரியில் வெளிவந்தது. வருமானம் பற்றிய 23 ஆம் பகுதி அதில் நியமம் 15 இன் அடிப்படையில் புதிதாக எழுதப்பட்டிருக்கிறது. 2027 ஜனவரி 1 இலிருந்து தொடங்கும் ஆண்டுகளுக்கு அது பொருந்தும். பில் புத்தகத்தில் போனுக்கும் சேவைக்கும் தனித்தனி வரி இல்லாத கடைகள் அந்த மாற்றத்தை இப்போதே செய்து, ஒவ்வொன்றையும் தனியாக விற்ற விலைகளைத் திகதியோடு எழுதி வைக்கத் தொடங்கலாம்.